புதியவர்களுக்கான உடற்பயிற்சி பேட்ச் திங்கட்கிழமை ஆரம்பம்

"கொஞ்சம் எடையைக் குறைத்துவிட்டு அப்புறம் வருகிறேன்" என்று தள்ளிப்போடாதீர்கள், இப்போது இருக்கிற உடம்போடு அப்படியே வாருங்கள். முதல் வாரம் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதுதான் ஸ்குவாட், சுவரில் கை ஊன்றித் தள்ளுவதுதான் புஷ்-அப். பயிற்சிக்கு நடுவே பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிந்தால் வேகம் சரி, பேச்சு திக்கினால் நின்று தண்ணீர் குடியுங்கள், யாரும் விசில் ஊத மாட்டோம். மறுநாள் தொடை வலிக்கலாம். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் போய்விடும், ஆனால் மூட்டில் சுருக்கென்று குத்தினால் உடனே சொல்லுங்கள், வேறு பயிற்சி தருகிறோம். எடை மெஷினில் ஏறச் சொல்ல மாட்டோம், 'முன்பு-பின்பு' போட்டோவும் கிடையாது. பழைய டி-ஷர்ட் போதும்.

காலை 6.30, மாலை 7. இன்பாக்ஸில் 'வருகிறேன்' என்று அனுப்புங்கள். முழங்கால் வலி, பிரஷர் ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்தே எழுதிவிடுங்கள்.