மதுரை அருகே மேல்நிலைப் பள்ளி: 20 கிலோவாட் கூரை சோலார், விளைச்சல் மதிப்பீடு

540 வாட் பேனல் 37, மொத்தம் 19.98 கிலோவாட். கட்டடம் தெற்கிலிருந்து 15 டிகிரி கிழக்கே திரும்பியிருக்கிறது. பேனலும் அதே திசையில், 10 டிகிரி சாய்வில். இதனால் குறைவது 1 சதவீதம்கூட இல்லை. நேர் தெற்கைப் பார்க்க வைப்பதற்காகக் கூரையில் கோணலாக ஸ்டாண்ட் அடிக்க வேண்டாம்.

பேனல் தளத்தில் விழும் வெயில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5.4 யூனிட் என எடுத்துள்ளோம். இழப்புகள்: வெப்பம் 10%, தூசி 4%, நிழல் 3%, இன்வெர்ட்டர் 3%, வயரிங் 2%, பேனல் வேறுபாடு 2%, மின்தடை 2%. பெருக்கினால் மிஞ்சுவது 76.5%. முதல் ஆண்டு விளைச்சல் சுமார் 30,100 யூனிட்.

கவனிக்க வேண்டியது நிழல். தென்மேற்கு மூலைத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் மூன்றரை மணிக்குமேல் ஆறு பேனல்களில் விழுகிறது. அவற்றை மற்றவற்றோடு ஒரே ஸ்ட்ரிங்கில், அதாவது தொடராக இணைத்த ஒரே பேனல் வரிசையில் கோர்த்தால் அந்த ஸ்ட்ரிங் முழுதுமே தொய்யும். தனி ஸ்ட்ரிங்காக, இன்வெர்ட்டரில் அந்தந்த வரிசையிலிருந்து அதிகபட்ச மின்சாரத்தைத் தேடி எடுக்கும் எம்பிபிடி உள்ளீடு ஒன்றில் தனியாக இணைத்தால்தான் நிழல் இழப்பு 3 சதவீதத்தில் நிற்கும். உப்பான போர்த் தண்ணீரில் கழுவினால் வெள்ளைக்கறை படியும், தூசிக்கணக்கும் தவறிவிடும்.

செலவு 10.5 லட்சம், மானியம் சேர்க்கவில்லை. மே விடுமுறையும் ஞாயிறும் இருப்பதால் பள்ளியே பயன்படுத்துவது 65% (யூனிட் ரூ.7.50), கிரிட்டுக்குப் போவது 35% (ரூ.3) எனக் கொண்டோம். பராமரிப்பு ரூ.15,000 போக முதல் ஆண்டு மிச்சம் ரூ.1.63 லட்சம். ஆண்டுக்கு 0.6% தேய்மானத்தோடு முதலீடு திரும்ப ஆறரை ஆண்டு. சொந்தப் பயன்பாடு 50% ஆனால் ஏழரை. 12ஆம் ஆண்டில் இன்வெர்ட்டர் மாற்ற ரூ.60,000 தனியே ஒதுக்குங்கள்.