கமலாவுக்கு, அகில் மணத்துக்கு நன்றி சொல்லி

மயூர் விஹார், தில்லி
14 டிசம்பர் 2025

அன்புள்ள கமலா,

என் 50ஆவது பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய வாசனைத் திரவியம் சென்ற மாதம் 22ஆம் தேதி மாலை என் கைக்கு வந்து சேர்ந்தது. அலுவலக வேலையாகத் தில்லிக்கு வந்திருந்த உன் கணவர், நாள் முழுவதும் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த களைப்பையும் பொருட்படுத்தாமல், கரோல் பாக்கிலிருந்து இவ்வளவு தூரம் வந்து, அம்மா போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுத்தான் போனார். அவருக்கும் என் நன்றியைச் சொல்.

மறுநாள் நீ தொலைபேசியில், "பூசிப் பார்த்தாயா, பிடித்திருக்கிறதா?" என்று கேட்டாய். "ரொம்ப நன்றாக இருக்கிறது" என்று சொன்னேன். அந்தப் பதிலில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியை மூன்று வாரமாக மனத்துக்குள் வைத்துக்கொண்டிருப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. உன்னிடம் நான் எதையும் மறைத்துப் பழகியவள் அல்ல. தொலைபேசியில் சொன்னால் அவசரத்தில் ஏதாவது தவறான சொல் விழுந்துவிடுமோ என்று பயந்து, நிதானமாக எழுதிச் சொல்கிறேன்.

முதலில் நன்றியை முழுமையாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் எந்தக் குறையும் இல்லை. பெட்டியைத் திறந்ததும் புட்டியை எடுப்பதற்கு முன்பே, நீ மடித்து வைத்திருந்த சிறு காகிதம்தான் கண்ணில் பட்டது. "அகில் எப்படி மணக்கும் என்று கேட்டாயே, இதோ" என்று ஒரே வரி எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் நான் கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். 1992 ஜனவரியில், தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியின் பதினொன்றாம் வகுப்பில், ஜன்னலுக்கு வெளியே எதிர்ச் சுவர் தெரியாத மூடுபனிக் காலையில், நம் தமிழாசிரியை பாடத்தை மூடிவைத்துவிட்டு நெடுநல்வாடையைப் பற்றிச் சொன்னார். கூதிர்க் காலத்துக் குளிரில் பெண்கள் மாலை தொடுத்து அணியாமல், கூந்தலில் சில மலர்களை மட்டும் வைத்துக்கொள்வதற்காக, தகர விறகில் நெருப்பு மூட்டி, அகிலையும் கண்டசர்க்கரையையும் சேர்த்துப் புகைத்தார்கள் என்றார். கம்பளிக் கையுறைகளுக்குள் விரல்களைத் தேய்த்துக்கொண்டே நான் உன் பக்கம் திரும்பி, "அது எப்படி மணக்கும்?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியை நானே மறந்துவிட்டேன். நீ 33 ஆண்டுகளாக அதை நினைவில் வைத்திருந்து, மகனைப் பார்க்கத் துபாய்க்குப் போன இடத்தில், கடைக்காரர் ஊத் என்று சொன்னது நம் அகில்தான் என்று தெரிந்த கணத்தில் என்னை நினைத்திருக்கிறாய். இதைவிட அக்கறையோடு தேர்ந்தெடுத்த பரிசு எனக்கு இதுவரை வந்ததில்லை.

இனி, சொல்லாமல் விட்ட பாதி. அந்த வாசனை என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, கமலா.

ஒரு முறை தெளித்துப் பார்த்துவிட்டு இப்படிச் சொல்லவில்லை. முதல் நாள் மாலை இடது மணிக்கட்டில் ஒரே ஒரு தடவை தெளித்தேன். முதல் கால் மணி நேரம் ரோஜாவும் குங்குமப்பூவும் கலந்தாற்போல, கல்யாண வீட்டு வாசலில் நிற்பது போல, அவ்வளவு நன்றாக இருந்தது. தொலைபேசியில் உன்னிடம் சொன்ன பாதி அதுதான், அதில் பொய் இல்லை. லேசான மணங்கள் ஆவியாகிப் போன பிறகு அடியில் இருந்த கனமான மணம் மேலே வந்தது. அது என் தோலில், பதப்படுத்தாத தோற்பையைப் பூட்டி வைத்த அறைக்குள் நுழைந்தாற்போல மாறிவிட்டது. இரவு பத்து மணிக்கு இடது பக்க நெற்றிப்பொட்டில் வலி தொடங்கியது. என் ஒற்றைத் தலைவலி உனக்குத் தெரியும், கல்லூரி நாட்களில் எத்தனையோ முறை ஜன்னலை மூடி விளக்கை அணைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாய். வலிக்கு வேறு காரணம் இருக்கலாம் என்று நினைத்து, நான்கு நாள் கழித்துக் கைக்குட்டையில் மட்டும் தெளித்துக்கொண்டு அலுவலகத்துக்குக் கிளம்பினேன். மெட்ரோவின் மகளிர் பெட்டியில், குளிருக்காக எல்லோரும் கம்பளியும் சால்வையுமாக நெருக்கியடித்து நின்றிருந்த அந்தக் காலை நேரத்தில், யமுனா பேங்க் தாண்டுவதற்குள் வயிற்றைப் புரட்டியது. மண்டி ஹவுஸில் இறங்கி, நடைமேடை இருக்கையில் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் மேலே ஏறினேன். மூன்றாவது முறை, தோலில் படாமல் இருந்தால் சரியாக இருக்குமோ என்று என் பட்டுப் புடவையின் முந்தானையில் தெளித்து, இரவு முழுவதும் கொடியில் காயவிட்டேன். காலையில் அந்த அறைக்குள் போனதுமே வலி வந்துவிட்டது. அதற்கு மேல் முயலவில்லை.

இது திரவியத்தின் குறை இல்லை என்பதை நான் உறுதியாகச் சொல்லிவிட வேண்டும். நீ மட்டமான பொருளை வாங்கிவிட்டதாகவோ, யாரோ உன்னை ஏமாற்றிவிட்டதாகவோ ஒரு நொடிகூட நினைத்துவிடாதே. இதைத் தெளிவாகத் தெரிந்துகொள்வதற்காகவே போன சனிக்கிழமை சாந்தினி சவுக்கில் தரீபா கலான் தெருவுக்குப் போய், அங்கே அத்தர் விற்கும் ஒரு பெரியவரிடம் புட்டியைக் காட்டினேன். அவர் காகிதப் பட்டையில் ஒரு துளியை விட்டு, நெடுநேரம் முகர்ந்துவிட்டு, நல்ல சரக்கு என்று சொன்னார். ஒரே வாசனை ஒவ்வொருவர் தோலின் எண்ணெய்ப் பசைக்கும் சூட்டுக்கும் தக்கபடி வேறு வேறாக விரியும் என்றும், அகில் அதில் மிகவும் பிடிவாதமானது என்றும் சொன்னார். அகில் மரம் ஆரோக்கியமாக இருக்கும்வரை அதன் கட்டை வெளிறிப்போய், மணமே இல்லாமல் இருக்குமாம். காயம்பட்ட இடத்தில் பூஞ்சை பிடித்தால்தான், மரம் அதை எதிர்த்து ஒரு கறுத்த பிசினைச் சுரந்து, அந்தப் பிசின் ஏறிய வைரம்தான் மணக்குமாம். அஸ்ஸாமிலிருந்து வந்த ஒரு சிறு துண்டை எடுத்து, கரி நெருப்பில் ஒரு கணம் காட்டினார். அந்தப் புகை தித்திப்பாக, மிக மெல்லியதாக, புட்டியில் இருப்பதற்குத் தொடர்பே இல்லாதது போல இருந்தது. எனக்குத் தலை வலிக்கவில்லை. வகுப்பில் நான் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. நீ அந்தப் புட்டியை அனுப்பியிராவிட்டால் நான் அந்தக் கடைப் படியை ஏறியிருக்கவே மாட்டேன், அதனால் அந்த விடையைத் தந்தவள் நீதான்.

இப்போது ஒரு அனுமதி கேட்க வேண்டும். புட்டியை அலமாரியில் அழகுக்கு வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. பூசிக்கொள்ள வேண்டிய பொருள் வெயிலும் சூடும் பட்டுக் கெட்டுப்போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது, நீ கொடுத்ததை மதிக்காததாக எனக்குத் தோன்றுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை குருகிராமிலிருந்து நிலா வந்தபோது, நான் ஒன்றும் சொல்லாமல் இருக்கையிலேயே மேசையிலிருந்து எடுத்துத் தன் கழுத்தோரம் தெளித்துக்கொண்டாள். மாலைவரை அவளோடுதான் இருந்தேன், தோற்பை வாடையும் இல்லை, காட்டமும் இல்லை. ரோஜா மங்கிய பின் சந்தனம் போல ஒரு மணம் மட்டும் அடங்கி நின்றது. எட்டடி தள்ளி உட்கார்ந்தால் எனக்குத் தொந்தரவும் இல்லை. நீ சம்மதித்தால் புட்டியை அவளிடம் கொடுக்கிறேன். அவள் பிறந்தபோது முதலில் தூக்கியவர்களில் நீயும் ஒருத்தி என்பதால், வெளியாள் கைக்குப் போவதாக ஆகாது. ஆனால் உன் மனத்தில் சிறு தயக்கம் இருந்தாலும் கொடுக்க மாட்டேன், அதை ஒளிக்காமல் எழுது. வந்த பரிசை உன்னைக் கேட்காமல் மாற்றிக் கொடுத்துவிட்டு, பிறகு நிலா வாய் தவறிச் சொல்லி நீ தெரிந்துகொள்வது எனக்குத் தாங்காது.

பெட்டியையும் காகிதத்தையும் யாருக்கும் தர மாட்டேன். பெட்டியில் இப்போது அம்மாவின் பழைய கல் தோடு இருக்கிறது, காகிதம் என் முகவரிப் புத்தகத்தில் உன் பெயர் உள்ள பக்கத்தில் இருக்கிறது.

இந்தக் கடிதம் உன்னைச் சிறிது வருத்தும் என்று எனக்குத் தெரியும். கடையில் நின்று, நாலைந்து வகைகளை மணிக்கட்டில் மாற்றி மாற்றித் தெளித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருப்பாய். வருத்தப்பட்டால் பட்டுவிட்டு, இரண்டு நாள் கழித்து என்னைத் திட்டிக்கூடப் பேசு, ஆனால் பேசு. இனி எனக்கு வாசனைப் பொருள் எதுவும் வாங்கவே கூடாது என்று முடிவு செய்துவிடாதே. மல்லிகையும், வெட்டிவேரும், மழை மணமும் எனக்கு எப்போதும் ஒத்துக்கொள்ளும்.

மழை மணம் என்று சொன்னதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அதே கடையில் கன்னோஜிலிருந்து வந்த மண் அத்தர் இருந்தது. சுட்ட மண் துண்டுகளைச் செப்புப் பாத்திரத்தில் நீரோடு காய்ச்சி, அந்த ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கி எடுப்பது. முகர்ந்ததும் ஜூன் மாதத்து முதல் மழை விழுந்த பள்ளி மைதானம் நினைவுக்கு வந்தது, அங்கே உன்னோடு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியதும் வந்தது. உனக்காக ஒரு சிறு குப்பி வாங்கியிருக்கிறேன். பிப்ரவரியில் உன் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நான் மும்பை வரும்போது நேரில் தருகிறேன். அம்மா உனக்கு நார்த்தங்காய் ஊறுகாயும் போட்டு வைத்திருக்கிறாள். அத்தரைக் கையில் தடவி ஒரு மணி நேரம் வைத்திருந்து பார்த்து, பிடிக்கவில்லை என்றால் எனக்கு அங்கேயே சொல்லிவிடு.

என்றும் உன் அன்புள்ள,
வசந்தி