பாட்டிலும் பலூனும்: ஏழாம் வகுப்புச் சுவாசப் பாடம்

ஏழாம் வகுப்பு அறிவியல். சேரன்மகாதேவி பக்கத்துக் கிராமம் ஒன்றின் நடுநிலைப் பள்ளி. பிள்ளைகள் 28 பேர், நாலு நாலு பேராக ஏழு குழு. அடுத்தடுத்து இரண்டு பாடவேளை வேண்டும், காலையிலேயே வைத்துக்கொள்ளலாம். சத்துணவு சாப்பிட்டு வந்த வயிற்றோடு மூச்சை இழுத்து அடக்கச் சொன்னால் பாதிப் பேர் நெளிவார்கள்.

இந்தப் பாடத்தில் பிள்ளைகள் மனதில் மாற வேண்டியது ஒன்றே ஒன்று. காற்று உள்ளே போவதால் நெஞ்சு விரிவதில்லை. நெஞ்சு விரிவதால்தான் காற்று உள்ளே போகிறது. உறுப்புகளின் பெயரை இரண்டு நாளில் மனப்பாடம் செய்துவிடுவார்கள். இந்த ஒரு திருப்பம் மட்டும் கையால் செய்து பார்க்காமல் மண்டையில் ஏறாது. அதனால் கரும்பலகையில் படமும் பெயரும் கடைசியில்தான். முதல் அரைமணி நேரம் புத்தகத்தைத் திறக்கவே வேண்டாம்.

தொடக்கம்

எல்லாரும் எழுந்து நிற்கட்டும். ஒரு கை நெஞ்சில், ஒரு கை வயிற்றில். மெதுவாக மூச்சை இழுத்து விடச் சொல்லுங்கள். நெஞ்சு எழும்புவது தெரிந்ததுதான். வயிறும் முன்னால் தள்ளுகிறதே, அது ஏன்? காற்று வயிற்றுக்கும் போகிறதா என்று கேளுங்கள். "ஆமா சார்" என்று நாலைந்து குரலாவது வரும். திருத்த வேண்டாம், அப்படியே விட்டுவிடுங்கள்.

அடுத்து நேரடியாக: "முதலில் நடப்பது எது? காற்று உள்ளே போவதா, நெஞ்சு விரிவதா?" அநேகமாக வரும் பதில் இதுதான்: "காத்தை உள்ள இழுக்கோம் சார், அதான் நெஞ்சு பெருசாவுது." பதிலைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி, சொன்ன பிள்ளையின் பெயர் போடாமல் ஒரு கட்டம் கட்டி வையுங்கள். பாடம் முடியும்போது அவர்களே வந்து அழிக்கட்டும்.

இப்போது ஊசி மாட்டாத 10 மில்லி சிரிஞ்சு, குழுவுக்கு ஒன்று. மருந்துக் கடையில் புதிதாக வாங்கியது மட்டும். உள்தண்டை இழுத்தால் காற்று உள்ளே வருகிறது. யாரும் ஊதவில்லை, இடம் பெரிதானது, அவ்வளவுதான். அடுத்து முனையைப் பெருவிரலால் இறுக மூடிக்கொண்டு இழுக்கட்டும். தண்டு வர மறுக்கும், விரல் நுனி உள்ளே உறிஞ்சப்படுவது போலத் தெரியும், விட்டால் தண்டு பின்னால் ஓடும். அடைபட்ட காற்றுக்கு இடம் கூடினால் அதன் அழுத்தம் குறையும் என்பதை 1662-இல் ராபர்ட் பாயில் எழுதி வைத்தார். பெயரும் ஆண்டும் சொன்னால் போதும், சூத்திரம் மேல் வகுப்புக்கு.

செய்வது

ஒரு குழுவுக்கு: கெட்டியான குளிர்பானப் பாட்டில் ஒன்று, சிறிய பலூன் ஒன்று, பெரிய பலூன் ஒன்று, தீர்ந்துபோன பேனாவின் குழாய், ரப்பர் பாண்டு, செல்லோடேப், கொஞ்சம் களிமண். காருகுறிச்சிப் பக்கம் இருந்து வரும் பிள்ளை யாராவது இருந்தால் பானைக்குப் பிசைந்த மண் ஒரு உருண்டை கொண்டுவரச் சொல்லலாம். அதைவிட நல்ல அடைப்பான் கடையில் கிடைக்காது. காய்ந்தால் வெடிக்கும், அதனால் அன்றன்றைக்குத்தான். பலூனுக்கும் கவலையில்லை, ஆனித் தேரோட்டத்துக்குப் போய் வந்த வீட்டில் எல்லாம் கிடக்கும். ஆனால் பழைய பலூன் விறைத்திருக்கும். ஒரு தடவை ஊதிப் பார்த்து, விட்ட பிறகே எடுக்க வேண்டும். ஒருவர் ஊதியதை இன்னொருவர் வாயில் வைக்கக் கூடாது.

மெல்லிய தண்ணீர்ப் பாட்டில் வேண்டாம். கீழே இழுத்ததும் பாட்டிலின் பக்கம் உள்ளே நசுங்கிவிடும், உள்ளிருக்கும் பலூன் அசையாது. பாட்டிலின் அடிப்பாகத்தை வெட்டுவதும், சூடாக்கிய ஆணியால் மூடியில் துளை போடுவதும் முந்தின நாளே ஆசிரியர் செய்து வைக்க வேண்டிய வேலை. வெட்டிய விளிம்பில் செல்லோடேப் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் பலூனும் கிழியும், விரலும் கிழியும்.

சிறிய பலூனைப் பேனாக் குழாயின் ஒரு முனையில் மாட்டி ரப்பர் பாண்டு சுற்றவும். குழாயை மூடித் துளை வழியாக மேலே எடுத்து, சுற்றிலும் களிமண் அப்பவும். மூடியைத் திருகினால் பலூன் பாட்டிலுக்குள் தொங்கும். பெரிய பலூனின் வாயை முடிச்சுப் போட்டு, மறுபாதியை வெட்டி எறிந்துவிட்டு, வெட்டிய அடியில் மத்தளத் தோல் போல இழுத்து மாட்டி டேப் சுற்றவும். முடிச்சு வெளியே இருக்க வேண்டும், அதுதான் பிடித்து இழுக்கும் கைப்பிடி.

எத்தனை குழு செய்தாலும் இரண்டு குழுவுக்காவது வேலை செய்யாது. காரணம் பெரும்பாலும் பேனாக் குழாயில்தான். பல பேனாக்களின் பக்கவாட்டில் குண்டூசி முனை அளவு துளை ஒன்று இருக்கும். அது மூடிக்குக் கீழே, பாட்டிலுக்குள் வந்துவிட்டால் காற்று பலூனுக்குப் போகாமல் அந்த வழியாகப் பாட்டிலுக்குள் ஒழுகிவிடும். ஒரு துண்டு டேப் போதும். ஒழுகலைக் கண்டுபிடிக்கச் சுலப வழி: முடிச்சை இழுத்துப் பிடித்தபடியே பத்து எண்ணுங்கள். உள்பலூன் உப்பியபடியே நின்றால் சரி. பிடியை விடாமலே அது சோர்ந்து சுருங்கினால் எங்கோ ஓட்டை. நீங்கள் போய்ச் சரிசெய்து கொடுக்காதீர்கள். "எங்கலே ஒழுகுது, தேடு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஓட்டையைத் தேடும் குழுதான் அன்றைக்கு அதிகம் படிக்கும்.

பார்ப்பது

இழுப்பதற்கு முன் நோட்டில் எழுத வேண்டும்: முடிச்சைக் கீழே இழுத்தால் உள்ளே தொங்கும் பலூன் உப்புமா, சுருங்குமா, சும்மா இருக்குமா? எழுதாமல் கையை வைக்கக் கூடாது. எழுதாதவன் எல்லாம் "எனக்கு முன்னாடியே தெரியும்" என்பான்.

இழுத்தால் உப்பும். விட்டால் சுருங்கும். பேனாக் குழாயின் மேல்முனையைக் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விட்டால் காற்று வெளியே வருவது கன்னத்தில் படும். மேல்முனையை விரலால் மூடிக்கொண்டு இழுத்துப் பார்க்கட்டும். சிரிஞ்சில் பட்ட அதே இழுப்பு.

இப்போது ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குங்கள். உள்பலூனை யாராவது தொட்டோமா? இல்லை. ஊதினோமா? இல்லை. பின்னே எப்படி உப்பியது? பாட்டிலுக்குள் இடம் கூடியது, அழுத்தம் குறைந்தது, வெளிக்காற்று குழாய் வழியாக நெருக்கிக்கொண்டு வந்தது. இதைப் பிள்ளைகள் தங்கள் பேச்சில் சொல்லட்டும், ஏழு குழுவும் சொல்லட்டும். நேரம் போனாலும் பரவாயில்லை.

அதற்குப் பிறகு படம், பெயர். பேனாக் குழாய் மூச்சுக்குழல், உள்பலூன் நுரையீரல், பாட்டில் மார்பறை, அடியில் இருக்கும் ரப்பர் உதரவிதானம். இழுப்பது உட்சுவாசம், விடுவது வெளிச்சுவாசம். வயிற்றுக் கேள்விக்கும் இங்கேதான் பதில்: உதரவிதானம் கீழே இறங்கும்போது இரைப்பையையும் குடலையும் அழுத்துகிறது, அவை முன்னால் தள்ளுகின்றன. காற்று வயிற்றுக்குப் போகவில்லை. விக்கலும் இதே தசை திடீரென்று வெட்டி இழுப்பதுதான் என்றால் வகுப்பில் ஒருவனுக்காவது உடனே விக்கல் வந்துவிடும்.

பொம்மை பொய் சொல்லும் இடங்கள்

இரண்டாம் பாடவேளை முழுக்க இதற்குத்தான். மாதிரியைக் காட்டிவிட்டு அதோடு நிறுத்தினால் நெஞ்சுக்குள் இரண்டு காலிப் பை தொங்குவதாகவே பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். அதனால் கேள்வியைத் திருப்புங்கள்: "இதில் எதெல்லாம் நம் உடம்பு மாதிரி இல்லை?"

பாட்டில் விரியாது என்பதை அவர்களே பிடித்துவிடுவார்கள். நமக்கு 12 ஜோடி விலா எலும்புகள், நடுநடுவே தசைகள். அவை நெஞ்சுக்கூட்டை மேலும் வெளியேயும் தூக்குகின்றன. தையல் டேப் வைத்து மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் நெஞ்சின் சுற்றளவைப் பையன்கள் ஒரு பக்கம், பெண்பிள்ளைகள் தனியே ஒரு பக்கம் அளந்து வித்தியாசத்தை எழுதட்டும்.

உதரவிதானத்தின் வடிவம் நீங்கள் சொல்ல வேண்டியது. மாதிரியில் ரப்பர் முதலில் தட்டையாக இருந்து, இழுத்ததும் கீழே தொங்குகிறது. உடம்பில் அது சும்மா இருக்கும்போது மேல்நோக்கிய கூடாரம், சுருங்கும்போது தட்டையாகிறது. அதைக் கீழே இருந்து இழுக்கக் கையும் கிடையாது, அதுவே தசை. சாதாரணமாக மூச்சு விடுவதற்குத் தனி முயற்சி வேண்டாம். தசை தளர்ந்ததும், இழுபட்ட நுரையீரல் தானாகச் சுருங்குகிறது.

பலூனுக்கும் பாட்டிலுக்கும் நடுவே நிறையக் காலி இடம் இருக்கிறதே? உடம்பில் அப்படி இல்லை. நுரையீரலை இரண்டு மெல்லிய உறைகள் சுற்றியிருக்கின்றன, நடுவே துளி நீர்மம்தான். ஈரமான இரண்டு கண்ணாடிச் சில்லை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். வழுக்கும், ஆனால் பிரியாது. நெஞ்சுக்கூடு விரியும்போது நுரையீரலும் கூடவே விரிவது இதனால்தான்.

நுரையீரல் காலிப் பையும் அல்ல. உள்ளே கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகள், ஏறத்தாழ 30 கோடி என்று பாடநூல்கள் சொல்லும். ஒவ்வொன்றையும் சுற்றி ரத்தத் தந்துகிகள். இழுக்கும் காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம், விடும் காற்றில் சுமார் 16. கார்பன் டை ஆக்சைடு 0.04 சதவீதத்திலிருந்து 4 சதவீத அளவுக்கு ஏறுகிறது. இந்த மாற்றம் எதையும் பாட்டில் காட்டாது என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். ஓய்வில் ஒரு பெரியவர் ஒரு மூச்சுக்கு இழுப்பது அரை லிட்டர் போல.

ஆற்றில் முங்கு நீச்சல் அடிக்கும் பையன் யாராவது கேட்பான்: "தண்ணிக்குள்ள மூச்சு முட்டுதே சார், ஆக்சிஜன் தீந்துபோவுதா?" முட்டல் வருவதற்கு முக்கியக் காரணம் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு சேர்வதுதான். மூச்சடக்கிப் போட்டி வைக்க வேண்டாம், வீசிங் உள்ள பிள்ளை வகுப்பில் இருக்கும்.

கடைசியாக ஒரு மாதிரியின் பக்கச் சுவரில் பென்சில் முனை நுழையும் அளவு துளை போடுங்கள். துளையை விரலால் மூடி இழுத்தால் பலூன் உப்பும். விரலை எடுத்துவிட்டு இழுத்தால் சும்மா தொங்கும். விபத்தில் நெஞ்சுச் சுவரில் ஓட்டை விழுந்தால் நுரையீரல் நல்லபடியாக இருந்தாலும் விரிய மாட்டாமல் போவது இப்படித்தான். டாக்டர்கள் குழாய் போட்டு, ஓட்டை வழியாக உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றுவார்கள்.

புகை பற்றிப் பேச்சு வந்தால் ஒன்று கவனம். இந்தப் பக்கம் பல வீடுகளில் அம்மாவும் அக்காவும் பீடி சுற்றித்தான் நோட்டு வாங்கித் தருகிறார்கள். புகை நுண்ணறைகளைக் கெடுக்கும் என்று சொல்லுங்கள், புகையிலைத் தூள் பறக்கும் இடத்தில் சன்னலைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் ஒரு சொல் போனாலும் பிள்ளை தலையைக் குனிந்துவிடும்.

நோட்டில் எழுத

1. குழாயின் மேல்முனையை மூடிக்கொண்டு ரப்பரை இழுத்தால் உள்பலூன் ஏன் உப்பவில்லை?
2. மாதிரியில் உதரவிதானம் சும்மா இருக்கும்போதும் இழுக்கும்போதும் எப்படி இருக்கிறது என்று வரை. பக்கத்திலேயே உடம்பில் இருப்பதை வரை.
3. விலா எலும்பையும் சேர்த்துக் காட்ட வேண்டுமானால் பாட்டிலுக்குப் பதில் எதை எடுப்பாய்? (சரியான விடை என்று ஒன்று இல்லை. குடைக் கம்பி, ஓலைப் பெட்டி என்று எது வந்தாலும் காரணம் கேளுங்கள்.)

கட்டம் கட்டி வைத்த பதிலை இப்போது அழிக்கச் சொல்லுங்கள். அழித்த இடத்தில் என்ன எழுதுவது என்று அவர்கள் தங்களுக்குள் சண்டை போட்டு முடிவு செய்யட்டும்.

நாளைக்கு வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பு கொஞ்சம், மூடியுள்ள பாட்டிலில் தண்ணீர். இன்று சாயங்காலமே ஆசிரியர் கரைத்து வைத்தால் காலையில் மேலே தெளிந்த நீர் கிடைக்கும். அதில் குழலால் ஊதினால் பால் போலாவதைப் பார்க்கலாம். ஊத மட்டும்தான், உறிஞ்சக் கூடாது.