மதிப்பீட்டுக் குறிப்பு: ஜூனியர் டெஸ்டர் பணிக்கு வந்திருக்கும் கணக்கு டீச்சர்

பெறுநர்: மனிதவளப் பிரிவு மேலாளர்
அனுப்புநர்: டெஸ்டிங் லீட், சம்பளப் பட்டியல் மென்பொருள் குழு, கோயம்புத்தூர்
பணி: ஜூனியர் டெஸ்டர் (மேனுவல்), அனுபவம் 0 முதல் 2 ஆண்டுகள்
விண்ணப்பதாரர்: பொள்ளாச்சிப் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் 9 ஆண்டுகளாக 9, 10ஆம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுப்பவர். எம்.எஸ்சி., பி.எட். மாலை நேரத்தில் நான்கு மாத டெஸ்டிங் கோர்ஸ் முடித்திருக்கிறார்.
முடிவு: எடுக்கலாம். ஆறு மாதம் பயிற்சிக் காலம், கீழே சொல்லியிருக்கும் இரண்டு நிபந்தனைகளோடு.

மேடம்,

நீங்கள் அனுப்பிய ஒப்பீட்டுத் தாளைப் பார்த்தேன். விளம்பரத்தில் கேட்டது இடப்பக்கம், அவருடைய ரெஸ்யூமில் இருப்பது வலப்பக்கம். 'தகவல் தொடர்புத் திறன்' என்பதற்கு நேரே 'வகுப்பில் பாடம் நடத்துதல்', 'குழுவாக வேலை செய்தல்' என்பதற்கு நேரே 'ஆண்டு விழா ஒருங்கிணைப்பு' என்று போட்டு, பத்துக்கு ஏழு கொடுத்திருக்கிறீர்கள். அந்த ஏழை நான் எடுத்துக்கொள்ளவில்லை. அப்படிப் பார்த்தால் எந்த வேலை பார்த்தவருக்கும் ஏழு வந்துவிடும். 45 பிள்ளைகளை அடக்கி வைத்தவர் டெவலப்பரையும் சமாளிப்பார் என்ற வாதம் கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். அதனால் அவரையும் பட்டியலில் இருந்த இரண்டு ஃப்ரெஷர்களையும் ஒரே பயிற்சியில் உட்கார வைத்தேன். மூவர் கையிலும் அரைப் பக்க ஸ்பெக், நாங்களே ஒரு தவறைப் புதைத்து வைத்த ஒரு பில்டு, 90 நிமிடம். இந்தக் குறிப்பு அந்தத் தாள்களை வைத்து எழுதியது.

ஸ்பெக் இஎஸ்ஐ பிடித்தம் பற்றியது. மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்குத் தொழிலாளர் பங்கு 0.75 சதவீதம், பைசா வந்தால் அடுத்த முழு ரூபாய்க்கு உயர்த்த வேண்டும். நாங்கள் புதைத்த தவறு: பில்டு உயர்த்தாமல், அருகில் இருக்கும் ரூபாய்க்கு ரவுண்டு செய்யும்.

விளம்பரத்தின் முதல் தேவை, 'ஸ்பெக்கைப் படித்து டெஸ்ட் கேஸ் எழுதுதல்'. இதில்தான் அவர் மற்ற இருவரையும் வெகுதூரம் தாண்டிப் போனார். 20,999, 21,000, 21,001 என்று எல்லையில் மூன்று மதிப்பு எடுப்பதை எல்லோரும்தான் செய்தார்கள். கோர்ஸில் முதல் வாரமே சொல்லித் தருவது அது. ஃப்ரெஷர்கள் இருவரும் அதற்குப் பிறகு 15,000, 10,000, 20,000 என்று போட்டு, பட்டனை அழுத்தி, திரையில் வந்ததையே 'எதிர்பார்த்த விடை' கட்டத்திலும் எழுதிவிட்டார்கள். இவர் பில்டைத் திறக்கும் முன்பே 20 நிமிடம் பேப்பரில் கணக்குப் போட்டார். அவர் எடுத்த ஒரு சம்பளம் 18,450. பிடித்தம் 138.375. ஸ்பெக் படி 139 வர வேண்டும், பில்டு 138 காட்டியது. தவறு சிக்கிவிட்டது.

ஏன் 18,450 என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "பாயின்ட் அஞ்சும் அதுக்கு மேலயும் வந்தா ரெண்டு வழியில போட்டாலும் ஒரே விடைதானுங்க சார். அப்புறம் எந்த வழியில போட்டாங்கன்னு எப்படித் தெரியும்? அதான் அஞ்சுக்குக் கீழ வர்ற மாதிரி ஒண்ணு எடுத்தேன்."

15,000க்குப் பிடித்தம் 112.50. உயர்த்தினாலும் 113, ரவுண்டு செய்தாலும் 113. 10,000க்கும் 20,000க்கும் பைசாவே வராது. 20,999இல் மட்டும் 158க்குப் பதில் 157 வந்திருக்கும், ஆனால் திரையில் வந்ததையே விடையாக எழுதியதால் அதுவும் கண்ணில் படவில்லை. அந்தப் பையன்கள் ஆளுக்குப் பத்துக் கேஸ் போட்டும் தவறு பிடிபடாததற்கு இவைதான் காரணம். தப்பான வழியில் போனவனுக்குச் சரியான விடை வந்துவிடாதபடி எண்களைத் தேர்ந்தெடுப்பது, வினாத்தாள் எடுப்பவர்களின் வேலை. ஒன்பது வருடமாகக் காலாண்டு, அரையாண்டு, யூனிட் டெஸ்ட் என்று அவர் செய்துவந்தது அதுதான். விடைக்குறிப்பைத் தயார் செய்த பிறகே தாளைக் கையில் எடுப்பது அவருக்குப் பழக்கம். நம் குழுவில் மூன்று வருட அனுபவம் உள்ள சிலரிடம்கூட அந்த ஒழுங்கை நான் இன்னும் கெஞ்சிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவருடைய ரெஸ்யூமில் வினாத்தாள் தயாரிப்பு என்பது கடைசிப் பக்கத்தில், 'பிற பொறுப்புகள்' என்ற தலைப்பில், என்எஸ்எஸ் முகாமுக்குக் கீழே கிடக்கிறது.

இரண்டாவது தேவை, 'ஸ்பெக்கில் உள்ள குறைகளைக் கண்டறிதல்'. தாளின் ஓரத்தில் ஒரு கேள்வி எழுதியிருந்தார்: ஆகஸ்டில் இன்க்ரிமென்ட் வந்து சம்பளம் 21,000ஐத் தாண்டினால், அந்த மாதமே பிடித்தம் நின்றுவிடுமா? எங்கள் அரைப் பக்கத்தில் இதற்குப் பதிலே இல்லை. விதிப்படி பங்களிப்புக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். நடுவில் தாண்டினாலும் அந்தக் காலம் முடியும்வரை பிடித்தம் தொடரும். இந்த விதி அவருக்குத் தெரியாது. தெரியாமல் கேட்டார் என்பதால்தான் இதற்கு முழு மதிப்பெண் கொடுத்தேன்.

பக் ரிப்போர்ட் எழுதுவது பாதி தேறியது. மொழி சுத்தம், ஆங்கிலத்தில் தடுமாற்றம் இல்லை. ஆனால் எப்படிச் செய்தால் தவறு திரும்ப வரும் என்ற படிகளை இரண்டே வரியில் முடித்துவிட்டு, அதை எப்படித் திருத்த வேண்டும் என்று ஆறு வரி எழுதியிருக்கிறார். நோட்டில் சிவப்பு மையில் சரியான முறையைப் போட்டுக் காட்டும் கை அது. கோடிங் பக்கமே போகாத டெஸ்டர் 'ரவுண்டிங் ஃபங்ஷனை மாற்றவும்' என்று எழுதினால் நம் டெவலப்பர்கள் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொன்றும் ஆசிரியப் பணியிலிருந்து கூடவே வந்திருக்கிறது. 14 டெஸ்ட் கேஸில் ஒன்றுக்கு 'ஓரளவு பாஸ்' என்று போட்டிருந்தார். இஎஸ்ஐ தொகை சரி, பேஸ்லிப்பில் மாதத்தின் பெயர் மட்டும் தப்பு. கேட்டதும் தலையில் கை வைத்துச் சிரித்தார்: "அஞ்சு மார்க் கணக்குக்கு ஸ்டெப் மார்க் மூணு போட்டுட்டேனுங்க சார்." பிறகு தானே அதை இரண்டு கேஸாகப் பிரித்து, ஒன்றை பாஸ், ஒன்றை ஃபெயில் ஆக்கினார். சொன்னதும் திருந்தியது நல்லது. ஆனாலும் இந்தப் பழக்கத்தின் மேல் கண் வைக்க வேண்டும். பிள்ளை ஃபெயில் ஆகிவிடக் கூடாதே என்ற இரக்கம் ரிலீஸுக்கு முந்தைய இரவு உதவாது.

எஸ்க்யூஎல் பலவீனம். ஒரே ஊழியருக்கு ஒரே மாதம் இரண்டு தடவை சம்பளம் ஏறியிருந்தால் கண்டுபிடிக்கச் சொன்னதற்கு எழுதியது:

```sql
SELECT emp_no, COUNT(*)
FROM salary
WHERE month = '2025-01' AND COUNT(*) > 1;
```

`Invalid use of group function` என்று வந்தது. ஐந்து நிமிடம் திரையைப் பார்த்தார். "எதை வச்சுப் பிரிச்சு எண்ணணும்னு நான் சொல்லவே இல்லையே" என்று முணுமுணுத்துவிட்டு `GROUP BY emp_no` சேர்த்தார். `HAVING` நான் சொல்லித்தான் வந்தது. ஜாயின் கேட்டதில் இரண்டு டேபிளுக்குத் தேறினார், மூன்றாவது வந்ததும் நின்றுவிட்டார். விளம்பரத்தில் எஸ்க்யூஎல் 'கட்டாயம்' என்று இருப்பதால், இதைத் தேறவில்லை என்றே பதிவு செய்கிறேன். ஃப்ரெஷர்களில் ஒருவர் இதில் இவரைவிட நன்றாகச் செய்தார்.

ஏபிஐ டெஸ்டிங் அதைவிடக் குறைவு. போஸ்ட்மேன் திறக்கத் தெரியும், 200, 404 தெரியும். 401க்கும் 403க்கும் வித்தியாசம் கேட்டதற்குத் தெரியாது என்றார். சுற்றி வளைக்கவில்லை.

செலினியம் 'இருந்தால் நல்லது' என்ற வரிசையில் இருக்கிறது. கிட்ஹப்பில் ஒரு ப்ராஜெக்ட் வைத்திருக்கிறார். நான் கேட்கும் முன்பே "அது கோர்ஸ்ல கொடுத்த கோடு சார், நான் பேரை மட்டும் மாத்தினேன்" என்று சொல்லிவிட்டார். செலினியத்துக்கு மதிப்பெண் பூஜ்யம், சொன்னதற்கு என் மரியாதை. ஐஎஸ்டிக்யூபி அடிப்படைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாராம். 40 கேள்வியில் 26 சரியாக வர வேண்டிய தேர்வு, இவருக்கு அது பெரிய விஷயமில்லை. சான்றிதழ் இருக்கிறதா இல்லையா என்பதை நான் இந்த மதிப்பீட்டில் சேர்க்கவில்லை.

டெவலப்பரோடு பேசுவது பற்றி. நம் சீனியர் டெவலப்பர் ஒருவரை உள்ளே அழைத்து, "என் மெஷின்ல சரியாத்தான் வருது, உங்க பக்கம்தான் ஏதோ பிரச்சினை" என்று கொஞ்சம் எரிச்சலாகச் சொல்லச் சொன்னேன். ஃப்ரெஷர்களில் ஒருவர் மன்னிப்புக் கேட்டுவிட்டார். இவர் குரலை உயர்த்தவில்லை, "நீங்க எந்தச் சம்பளம் போட்டுப் பார்த்தீங்க?" என்று மட்டும் கேட்டார். 15,000 என்றார் டெவலப்பர். "அதுல தெரியாதுங்க, இதைப் போட்டுப் பாருங்க" என்று தன் தாளை நகர்த்தி வைத்தார். பெற்றோர் கூட்டத்தில் விடைத்தாளைத் திறந்து வைத்துக்கொண்டு பேசிப் பழகியவர். ஒப்பீட்டுத் தாளில் 'தகவல் தொடர்புத் திறன்' என்று போட வேண்டுமானால் இதற்குப் போடுங்கள்.

உங்கள் குறிப்பில் இருந்த இரண்டு தயக்கங்கள். வயது 36, எனக்குக் கீழே அவருக்கு நேர் லீடாக இருக்கப்போகிறவருக்கு வயது 26, ஒத்துப்போகுமா என்று கேட்டிருந்தீர்கள். பயிற்சியின் நடுவே எங்கள் குழுவின் அந்த 26 வயதுப் பெண்தான் அவருடைய பக் ரிப்போர்ட்டைத் திருத்திக் கொடுத்தார். இவர் நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். எனக்கு அது போதும். வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது, இரவு ரிலீஸுக்கு வருவாரா என்ற கேள்வியை மற்ற இருவரிடமும் நாம் கேட்கவில்லை. அதனால் இவரிடமும் நான் கேட்கவில்லை, அந்தக் கட்டத்தை அடித்துவிட்டேன்.

சம்பளம்: 9 வருட அனுபவத்தை டெஸ்டிங் அனுபவமாகக் கணக்கில் எடுக்க முடியாது, அதை அவரிடம் நேராகவே சொல்லிவிட்டேன். ஆனால் ஃப்ரெஷருக்குரிய அடிமட்டத்திலும் வைக்க வேண்டாம். அந்த வரம்பின் மேல் முனையைப் பரிந்துரைக்கிறேன்.

நிபந்தனைகள். எட்டு வாரத்துக்குள் எஸ்க்யூஎல்: நம் சம்பள டேட்டாபேஸில் மூன்று டேபிள் ஜாயின், குரூப், ஹேவிங் மூன்றையும் யார் உதவியும் இல்லாமல் எழுத வேண்டும். நான் உட்கார்ந்து பார்ப்பேன். அடுத்து, முதல் மூன்று மாதம் அவர் ஜிராவில் போடும் ஒவ்வொரு பக் ரிப்போர்ட்டையும் அந்த லீட் பார்த்த பிறகே டெவலப்பருக்குப் போகும். ஏபிஐ வேலையை ஆறாவது மாதத்துக்கு முன் அவரிடம் கொடுக்கப்போவதில்லை. அதுவரை அந்தச் சுமை இப்போது செய்பவர்கள் மேலேயே இருக்கும், அவர்களிடம் பேசிவிட்டேன்.

எஸ்க்யூஎல் நன்றாகச் செய்த அந்த ஃப்ரெஷரை ஏபிஐ குழுவுக்குப் பாருங்கள், எங்களுக்கு அவர் பொருந்தமாட்டார். இன்னொருவர் வேண்டாம்.

ஒரு அவசரம் இருக்கிறது. அவருடைய பள்ளியில் கல்வியாண்டு நடுவே விடுவிப்பதில்லை. ஏப்ரல் கடைசியில் ஆண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்திக் கொடுத்ததும் கிளம்பலாம், ஜூனில் பள்ளி திறந்துவிட்டால் அடுத்த ஏப்ரல்தான். ஆஃபர் லெட்டர் இந்த வெள்ளிக்கிழமைக்குள் கையில் கிடைத்தால் திங்களன்று ராஜினாமா கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.