அவுட்புட் அசையலன்னா போர்டைப் பிரிக்காதீங்க, ஸ்டேஜ் ஸ்டேஜா பாருங்க

அன்புள்ள பிள்ளைங்களுக்கு,

வியாழக்கிழமை லேப்ல மூணு ஸ்டேஜ் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர் கட்டினப்போ 9 டேபிள்ல 6 டேபிள் அவுட்புட் ஒரே வோல்டேஜ்ல நின்னுபோச்சு, அதுல 4 பேர் மொத்த சர்க்யூட்டையும் பிடுங்கிட்டு முதல்லேர்ந்து வயர் பண்ண ஆரம்பிச்சீங்க, அதைப் பார்த்து எனக்கு மனசு கஷ்டமா இருந்துச்சு. ஏன்னா தப்பு எங்க இருக்குன்னு அந்த போர்டே சொல்லிட்டு இருந்துச்சு, பிடுங்கினதும் அந்தத் தடயமும் சேர்ந்து போயிடுச்சு. மறுபடி கட்டினாலும் அதே கை அதே தப்பைத்தான் திரும்பப் பண்ணும். அதனால அடுத்த வாரத்துக்கு முன்னாடி இதை ஒரு தடவை பொறுமையா படிங்க.

முதல்ல ஒண்ணு, அவுட்புட் அசையாம நிக்குதுன்னா அது பெரும்பாலும் டிசி பிரச்சனை. ஃபங்ஷன் ஜெனரேட்டரைக் கழட்டி வச்சிடுங்க, சிக்னலைக் கூட்டிக் கூட்டிப் பார்த்து எதுவும் தெரியப்போறதில்ல. மல்டிமீட்டர் மட்டும் போதும், கறுப்பு புரோப் சப்ளையோட கிரவுண்ட்லயே இருக்கட்டும், சிவப்பை மட்டும் நகர்த்துங்க.

நம்ம சர்க்யூட்ல முதல் ரெண்டு ஸ்டேஜும் ஒரே மாதிரி: பேஸுக்கு மேல 47கே, கீழ 10கே, கலெக்டர்ல 3.3கே, எமிட்டர்ல 1கே. 12 வோல்ட்ல பேஸ் கணக்குப்படி 12 × 10 / 57, அதாவது 2.1, பேஸ் கரண்ட் கொஞ்சம் இழுக்கிறதால மீட்டர்ல 2.05 மாதிரி வரும். எமிட்டர் 1.4, அப்போ கரண்ட் 1.4 மில்லிஆம்ப், அது 3.3கே-ல 4.6 வோல்ட்டை எடுத்துக்கும், கலெக்டர் 7.4. மூணாவது ஸ்டேஜ் எமிட்டர் ஃபாலோயர், அதோட பேஸ் ரெண்டாவது கலெக்டர்ல நேரடியா நிக்குது, அதனால எமிட்டர் 6.6 சுமாரா வரணும். இந்த நம்பர்களை மீட்டரை எடுக்கிறதுக்கு முன்னாடியே நோட்ல எழுதிடுங்க. என்ன வரணும்னு தெரியாம அளந்தா எந்த ரீடிங்கும் சரி மாதிரியேதான் தெரியும்.

ஸ்டேஜுக்குப் போறதுக்கு முன்னாடி சப்ளை. கரண்ட் லிமிட் 50 மில்லிஆம்ப்ல வைங்க, சரியா வேலை செய்யுற போர்டு மொத்தமா 10 சுமாருக்குத்தான் இழுக்கும். லிமிட் லைட் எரிஞ்சா அங்கேயே நிறுத்துங்க, எங்கேயோ ஷார்ட். அப்புறம் 12 வோல்ட்டை சப்ளை முனையில அளக்காதீங்க, அந்தந்த ஸ்டேஜோட 3.3கே மேல் கால்லயே வச்சு அளங்க. நீளமான பிரெட்போர்டு நிறையதுல பவர் ரெயில் நடுவுல துண்டா இருக்கும், சிவப்புக் கோடு விட்டுப்போயிருக்கிற இடத்தைப் பாருங்க, அங்க ஒரு ஜம்பர் போடணும். வியாழக்கிழமை ஒரு டேபிள்ல வலது பக்கம் எங்க வச்சாலும் 12 கிட்டயே காட்டுச்சு, டிரான்சிஸ்டரை 3 தடவை மாத்திட்டாங்க, கடைசியில பார்த்தா வலது பக்க கிரவுண்ட் ரெயிலுக்குத்தான் ஜம்பரே இல்ல.

இப்போ ஸ்டேஜ். ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல 10 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் இருக்கு, அது டிசியை விடாது, அதனால ரெண்டும் டிசி கணக்குல தனித்தனி வீடு மாதிரி. ஒரு வீட்டுத் தப்பு அடுத்த வீட்டுக்குப் போகாது, கப்பாசிட்டர் நல்லா இருந்தா. ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல அந்தச் சுவர் கிடையாது. அவுட்புட் 11 சொச்சத்துல நின்னா மூணாவது டிரான்சிஸ்டர் மேல சந்தேகப்படாதீங்க, ரெண்டாவது கலெக்டர் 12-க்கு ஏறியிருக்கு, ஃபாலோயர் ஒரு டையோடு டிராப்பைக் கழிச்சு அதை அப்படியே காட்டுது, அவ்வளவுதான்.

முதல் ரெண்டு ஸ்டேஜ்ல கலெக்டர் 12-ல நின்னா டிரான்சிஸ்டர்ல கரண்ட் ஓடல. பேஸ்ல 2 வோல்ட் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா 47கே கால் பக்கத்து வரிசையில இருக்கும். பேஸ் இருந்தும் கரண்ட் இல்லன்னா எமிட்டர் பாதை அறுந்திருக்கு. இதுல ஒரு ஏமாத்து இருக்கு, நல்லா கவனிங்க. ஒரு பொண்ணு என்கிட்ட வந்து, "மேம், பேஸ் 2.1, எமிட்டர் 1.65, எல்லாம் கரெக்டா இருக்கு, கலெக்டர் மட்டும் 12"ன்னு சொன்னா. எமிட்டர்ல வோல்டேஜ் இருக்கே, அப்போ கரண்ட் ஓடணுமேன்னு அவளுக்கு சந்தேகம், நியாயமான சந்தேகம். ஆனா அங்க 1கே ஒரு ஓட்டை தள்ளி குத்தியிருந்துச்சு. எமிட்டர் அந்தரத்துல தொங்குது, மீட்டருக்குள்ள இருக்கிற 10 மெகா ஓம் வழியா துளியூண்டு கரண்ட் போய்த்தான் அந்த 1.65 வருது. நம்ம மீட்டரே எமிட்டர் ரெசிஸ்டர் ஆயிடுச்சு! இதைக் கண்டுபிடிக்க வித்தியாசத்தைப் பாருங்க, பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவுல 0.65 சுமாரா இருக்கணும், அங்க 0.45-தான் இருந்துச்சு. சப்ளையை ஆஃப் பண்ணிட்டு எமிட்டர் வரிசைக்கும் கிரவுண்டுக்கும் ஓம் அளந்தா 1கே வரணும், வரலன்னா முடிஞ்சுது.

கலெக்டர் கீழ ஒட்டிக்கிச்சுன்னா, அதாவது கலெக்டருக்கும் எமிட்டருக்கும் வித்தியாசம் 0.2-க்குள்ள வந்துட்டா, டிரான்சிஸ்டர் சேச்சுரேஷன்ல இருக்கு. ரெண்டாவது ஸ்டேஜ்ல எமிட்டர் என்ன காட்டுதோ அதுவே காரணத்தைச் சொல்லிடும். கிட்டத்தட்ட 3 காட்டினா கீழ இருக்கிற 10கே கனெக்ட் ஆகல. 0 காட்டினா எமிட்டர் கிரவுண்டைத் தொடுது, 47 மைக்ரோஃபாரட் பைபாஸ் கப்பாசிட்டரோட நீளமான காலெல்லாம் ஒண்ணோடொண்ணு இடிக்குதான்னு பாருங்க. அரை வோல்ட் மாதிரி காட்டி பேஸும் 1.1-க்கு இறங்கியிருந்தா கலெக்டர்ல 3.3கே-க்குப் பதிலா 33கே போட்டிருக்கீங்க. ஆரஞ்சு ஆரஞ்சு சிவப்பு, ஆரஞ்சு ஆரஞ்சு ஆரஞ்சு, டியூப்லைட் வெளிச்சத்துல எனக்கே ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும், குத்துறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் அளந்துட்டே குத்துங்க.

எல்லா ரெசிஸ்டரும் சரி, ஆனாலும் ரெண்டாவது பேஸ் 2-லேர்ந்து மேல ஏறி நிக்குதுன்னா, அந்த 10 மைக்ரோஃபாரட்டை ஒரு கால் மட்டும் தூக்குங்க. உடனே 2.05-க்கு வந்துட்டா அது லீக் ஆகுது, திருப்பிப் போட்டிருப்பீங்க. பிளஸ் முதல் ஸ்டேஜ் கலெக்டர் பக்கம், ஏன்னா அங்க 7.4, இந்தப் பக்கம் 2. திருப்பிப் போட்டு ஓடினதை மறுபடி யூஸ் பண்ண வேண்டாம், என்கிட்ட புதுசு வாங்கிக்கோங்க. அப்புறம் பிசி547-க்கு தட்டையான முகம் உங்களைப் பார்த்து கால் கீழ இருந்தா இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். வேற நம்பர் டிரான்சிஸ்டர் கையில கிடைச்சா இதே வரிசைன்னு நினைச்சுக்காதீங்க, டேட்டாஷீட்டைப் பாருங்க.

மூணு ஸ்டேஜும் டிசி சரியானதுக்கு அப்புறம்தான் சிக்னல். 10 மில்லிவோல்ட் போதும், ஜெனரேட்டர் அவ்வளவு கீழ இறங்கலன்னா 10கே-யும் 100 ஓமும் வச்சு 1 வோல்ட்டைப் பிரிச்சுக்கோங்க. ஸ்கோப்பை முதல் கலெக்டர், ரெண்டாவது பேஸ், ரெண்டாவது கலெக்டர், அவுட்புட்னு வரிசையா நகர்த்துங்க, எங்க அலை காணாம போகுதோ அதுக்கும் அதுக்கு முந்தின இடத்துக்கும் நடுவுலதான் தப்பு. ரெண்டாவது ஸ்டேஜைச் சேர்த்ததும் முதல் கலெக்டர்ல அலை பாதி அளவுக்கும் கீழ குறையும், பயப்படாதீங்க, அது லோடிங், பழுது இல்ல.

போர்டு பிரிக்காம வச்சிருக்கிற டேபிள் எல்லாம் அப்படியே அலமாரியில வைங்க. அடுத்த வியாழன் வரும்போது 9 ரீடிங், 3 டிரான்சிஸ்டருக்கும் பேஸ், எமிட்டர், கலெக்டர், பக்கத்துல வர வேண்டிய நம்பரும் எழுதி எடுத்துட்டு வாங்க. தப்பு கிடைக்கலன்னாலும் பரவாயில்ல, அந்தத் தாளை வச்சுக்கிட்டு சேர்ந்து உக்காந்து பார்ப்போம், மதியம் 2 மணியிலேர்ந்து நான் லேப்லதான் இருப்பேன்.

அன்புடன்,
உங்க லேப் மேம்