பண்டாரிகுளம் வீட்டுக்குக் காசு போடுவதற்கு முன்

தம்பி, திருகோணமலையிலிருந்து வவுனியா ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வருவதாகவும், பண்டாரிகுளத்தில் ஒரு வீட்டைத் தரகர் மூலம் வாடகைக்குப் பேசியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நல்லது. நான் இந்த ஊரில் 11 வருடமாக வாடகை வீட்டில்தான் இருக்கிறேன், இப்போது இருப்பது நாலாவது வீடு. அதனால் உங்களைத் தெரியாவிட்டாலும் நீங்கள் சொன்ன கணக்கைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

முதலில், அந்தத் தரகர் "இன்றைக்குள் 20,000 போட்டால் வீட்டைப் பிடித்து வைக்கிறேன்" என்கிறாரே, அதைப் போடாதீர்கள். நீங்கள் வீட்டைப் படத்தில்தான் பார்த்திருக்கிறீர்கள். வீட்டுக்காரருடன் இன்னும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அச்சாரம் கொடுப்பது தவறில்லை. ஆனால் அது வீட்டுக்காரரின் கையில், அவர் எழுதித் தரும் துண்டோடு போக வேண்டிய காசு. தரகருடைய வங்கிக் கணக்குக்குப் போன அச்சாரம் திரும்பி வந்த கதை எனக்குத் தெரிந்து ஒன்றுகூட இல்லை. வேறு யாரோ 30,000 தருவதாகக் கேட்டு நிற்கிறார் என்று அவசரப்படுத்துவார். கேட்டு நிற்பவர் எப்போதும் யாரோ ஒருவர் இருப்பார், கண்ணால்தான் காண முடியாது.

உங்கள் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். வாடகை மாதம் 28,000. ஆறு மாத அட்வான்ஸ் 168,000. தரகருக்கு ஒரு மாத வாடகை 28,000. அச்சாரத்தை அட்வான்சில் கழிப்பார்களா என்று நீங்கள் கேட்டதாகத் தெரியவில்லை. கழிக்காவிட்டால், சாமான் இறக்குமுன்னே 216,000 ரூபாய் கையை விட்டுப் போகிறது. அரச சம்பளக்காரருக்கு அது சின்னக் காசில்லை.

தரகுக் காசுக்கு இங்கே அச்சடித்த விலை கிடையாது. பேசித் தீர்ப்பதுதான். ஒரு மாத வாடகை என்று தொடங்குவார்கள், அரை மாதத்துக்கு இறங்கியவர்களை நானே பார்த்திருக்கிறேன். இப்போதைய வீட்டுக்கு நான் அரை மாதம்தான் கொடுத்தேன். கேட்க வெட்கப்படாதீர்கள். வீட்டுக்காரரிடமும் அவர் வாங்குவார், அதையும் நேரே கேளுங்கள். சில வேளை ஒரு வீட்டுக்கு மூன்று தரகர் கைமாறி வரும், மூவருக்கும் பங்கு போக வேண்டும் என்பதால் வாடகையையே ஏற்றிச் சொல்வார்கள். வீட்டுக்காரர் 24 என்று சொன்ன வீடு உங்களிடம் 28 ஆக வந்து நிற்கலாம். வீட்டுக்காரருடன் நேரே கதைத்தால் அது தெரிந்துவிடும். வீடு காட்டுவதற்கு 2,000, 3,000 என்று கேட்டால் தர வேண்டாம். முச்சக்கர வண்டிக் காசு வேண்டுமானால் கொடுங்கள், அதோடு சரி. தரகு கொடுப்பது ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்துத் திறப்பு உங்கள் கைக்கு வந்த அன்றுதான். அப்புறம் இன்னொன்று: அடுத்த வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போதும் வந்து நிற்பவர்கள் உண்டு. "இது ஒருமுறைக் காசு, புதுப்பித்தால் உங்களுக்கு ஒன்றுமில்லை" என்பதை இப்போதே வாயால் சொல்லி, ஒரு செய்தியாகவும் அனுப்பி வையுங்கள்.

இனி அட்வான்ஸ். தம்பி, வில்லங்கமே இந்தச் சொல்லில்தான் இருக்கிறது. இங்கே இரண்டு வேறு காசுக்கும் அட்வான்ஸ் என்றே சொல்வார்கள். ஒன்று, முன்கூட்டியே கட்டும் வாடகை: ஆறு மாதத்துக்குக் கொடுத்தால் அந்த ஆறு மாதமும் நீங்கள் மாதக் காசு கட்டத் தேவையில்லை. மற்றது வைப்புக் காசு: அது வீட்டுக்காரரிடம் கிடக்கும், நீங்கள் மாதாமாதம் வாடகையும் கட்டுவீர்கள், வீட்டை விடும்போது திரும்ப வாங்குவீர்கள். பாதி கழியும், பாதி கிடக்கும் என்ற மூன்றாவது வகையும் உண்டு. உங்கள் 168,000 இதில் எது? நீங்கள் எழுதியதிலிருந்து எனக்குப் புரியவில்லை. உங்களுக்கும் புரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

நான் இதில் அடிபட்டவள். 2016இல் தோணிக்கல் பக்கம் ஒரு வீடு, வாடகை 15,000, வைப்பு 90,000. வீட்டுக்காரர் ஒரு கொப்பித் தாளில் "அட்வான்ஸ் 90,000 பெற்றுக்கொண்டேன்" என்று ஒரே வரி எழுதித் தந்தார். நான் அதைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தேன்! வீட்டை விட்டபோது, வர்ணம் பூச 35,000, கிணறு இறைக்க 8,000, மலக்குழிக்குப் பவுசர் பிடிக்க இன்னொரு தொகை என்று ஒரு கணக்கு வந்தது. மிச்சத்தை "அடுத்த ஆள் அட்வான்ஸ் தந்ததும் தருகிறேன்" என்றார். என் காசைக் கூரைக்குப் போட்டு முடித்திருந்தார். கடைசியில் மத்தியஸ்த சபைக்குப் போனேன். அங்கே சட்டத்தரணி வேண்டாம், மூன்று பேர் இருந்து இரு பக்கமும் கேட்பார்கள். மனிதர்கள் நல்லவர்கள், பொறுமையாகக் கேட்டார்கள். ஆனால் என் தாளில் எதைக் கழிக்கலாம், எப்போது திருப்ப வேண்டும் என்று ஒரு சொல்லும் இல்லையே. 60,000க்கு ஒத்துக்கொண்டு, அதையும் மூன்று தவணையில் வாங்கினேன்.

ஆகவே ஒப்பந்தத்தில் காசைப் பெயர் சொல்லிப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். முற்கட்டு வாடகை எவ்வளவு, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை கழியும். வைப்பு எவ்வளவு, வீட்டை ஒப்படைத்து எத்தனை நாளில் திரும்பும். 14 நாள் என்று கேளுங்கள், 30க்கு ஒத்துக்கொள்ளலாம். "அடுத்த ஆள் வந்தபின்" என்ற பேச்சுக்கே இடம் வைக்க வேண்டாம். கழிப்பது என்றால் உடைந்த பொருளுக்கு மட்டும். மழையில் ஊறிய சுவருக்கும் வெயிலில் வெளிறிய வர்ணத்துக்கும் நீங்கள் பொறுப்பில்லை. குடி போகும் அன்றே வீடு முழுக்க வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள். மீற்றர் இலக்கமும் அதில் விழ வேண்டும்.

நீங்கள் மாற்றலாகும் உத்தியோகம் என்பதையும் மறக்க வேண்டாம். குடி வந்து நாலு மாதத்தில் இன்னொரு ஊருக்குப் போகச் சொன்னால் கட்டிய காசு என்னவாகும்? இரண்டு மாத முன்னறிவித்தல் கொடுத்தால் மிச்ச முற்கட்டு வாடகையும் வைப்பும் திரும்பும் என்று ஒரு வரி வேண்டும். அதே வரி வீட்டுக்காரருக்கும் பொருந்த வேண்டும். இங்கே பல வீடுகளின் சொந்தக்காரர் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார். ஆடி, ஆவணியில் கோயில் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வரப் போகிறார், ஒரு மாதம் வீட்டை விடுங்கள் என்று கேட்ட சம்பவத்தை என் பக்கத்து வீட்டில் பார்த்தேன்.

அதனால்தான் இன்னொரு கேள்வியும் அவசியம்: உங்களிடம் வீடு தருபவர் யார்? வெளிநாட்டிலிருப்பவரின் மச்சான், சித்தப்பா என்று ஒருவர் திறப்போடு வருவார். வீட்டுக்காரர் சார்பில் கையெழுத்து வைக்க அவரிடம் பதிவு செய்த அற்றோணித் தத்துவம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வீட்டுக்காரருடன் வீடியோவில் கதைத்து, காசை அவர் சொல்லும் கணக்குக்குப் போட்டு, எதற்கான காசு என்று குறிப்பில் எழுதுங்கள். பக்கத்துக் கடையிலும் விதானையாரிடமும் ஒரு வார்த்தை விசாரித்தால் வீடு யாருடையது என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். வன்னியில் எல்லாக் காணிக்கும் உறுதி இருக்காது, அனுமதிப்பத்திரக் காணியும் நிறைய உண்டு. அதை நொத்தாரிசு பார்த்துச் சொல்லட்டும்.

ஓம், நொத்தாரிசு வேண்டும். சமாதான நீதவானிடம் முத்திரை குத்தினால் போதும் என்று தரகர் சொல்வார். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னால் எழுதப்பட்டால்தான் சட்டத்தில் நிற்கும். எழுதிக் காணிப் பதிவகத்தில் பதிந்தும் விடுங்கள். இடையில் வீடு விற்கப்பட்டாலும் உங்களுக்கு ஒரு பிடி இருக்கும். மகளுக்கு ஐந்து வயது என்றீர்கள், பாடசாலை அனுமதிக்கு வதிவிடம் காட்டும்போதும் அந்தப் பத்திரம் கைகொடுக்கும். எழுத்துக் கூலியும் முத்திரைச் செலவும் யாருடையது என்று முன்பே பேசுங்கள். பாதிப் பாதி என்றால் நியாயம்.

மின்சாரத்தை மட்டும் வடிவாகப் பாருங்கள். நீங்கள் சொன்னது முன் பாதி வீடு, பின்னால் இன்னொரு குடும்பம் இருக்கிறது. மீற்றர் ஒன்றா, இரண்டா? ஒன்று என்றால் இரண்டு வீட்டு யூனிட்டும் ஒன்றாகச் சேர்ந்து மேல் கட்டத்துக்கு ஏறும். மின்சாரக் கட்டணம் யூனிட் கூடக் கூட விலையும் கூடுகிற மாதிரித்தான். நீங்கள் தனியாக 60 யூனிட் எரித்தாலும் 150க்கான விலையில் பங்கு போடுவார்கள். சப் மீற்றர் போட்டாலும் இந்தச் சிக்கல் தீராது, பங்கைத்தான் அது காட்டும். கடைசி பில்லையும் கேட்டு வாங்குங்கள், பழைய நிலுவை அதில் தெரியும். தண்ணீர் கிணறா, குழாயா என்றும் கேளுங்கள். கிணறென்றால் ஆவணி, புரட்டாசியில் எவ்வளவு நிற்கும் என்று பின் வீட்டுக் குடும்பத்திடம் கேட்பது நல்லது, வீட்டுக்காரர் எப்போதும் வற்றாது என்றே சொல்வார். மோட்டர் எரிந்தால் யார் செலவு என்பதும் ஒப்பந்தத்துக்குப் போகட்டும். வளவுத் தேங்காய் யாருக்கு என்பதும்தான். சிரிக்காதீர்கள், தோணிக்கல்லில் முதல் சண்டை தேங்காயில்தான் தொடங்கியது.

உங்களுக்கு ஒரு கிழமை அவகாசம் இருந்தால் தரகர் இல்லாமலும் தேடலாம். ஆஸ்பத்திரிக்குள்ளேயே கேளுங்கள், மாற்றலாகிப் போகிறவர்கள் வீட்டைக் கைமாற்றி விடுவார்கள். குருமன்காடு, வைரவபுளியங்குளம், கோவில்குளம் ஒழுங்கைகளில் மாலையில் சைக்கிளில் ஒரு சுற்றுப் போனால் "வாடகைக்கு" என்று எழுதிய கேற்றுகள் கண்ணில் படும். ரவுணை விட்டுக் கொஞ்சம் தள்ளி நெளுக்குளம் பக்கம் போனால் வாடகை குறையும், ஆனால் இரவுக் கடமை முடிந்து வர மோட்டார் சைக்கிள் வேண்டும்.

சரி, இன்றைக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான். தரகரிடம் வீட்டுக்காரரின் இலக்கத்தைக் கேளுங்கள். தராவிட்டால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள். தந்தால் நேரே எடுத்து, 168,000 கழியும் காசா, கிடக்கும் காசா என்று கேளுங்கள். அவர் சொன்னதை எனக்கு எழுதுங்கள். நீங்கள் சனிக்கிழமை பார்க்க வருவதென்றால் என் கணவரும் கூட வருவார், அவருக்குப் பண்டாரிகுளத்தில் ஆட்களைத் தெரியும்.