கர்ப்ப காலத்தில் மருந்து: மாதிரித் தேர்வுக் கேள்விகளும் விடைகளும்

இறுதியாண்டு செவிலியர் மாணவிகளுக்காகக் காரைக்குடியில் நடந்த மாதிரித் தேர்வின் கேள்விகள் இவை. விடைத்தாள் திருத்தியபோது தோன்றியதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். மருந்துப் பெயர்கள் எல்லோருக்கும் மனப்பாடம்தான். மதிப்பெண் போனது நாள் கணக்கில்.

கேள்வி 1. பள்ளத்தூரிலிருந்து வந்த 24 வயதுப் பெண். காய்ச்சலுக்காக ஜூன் 10 முதல் 14 வரை டாக்சிசைக்ளின் சாப்பிட்டாள். இப்போது முழுகாமல் இருக்கிறாள். "ஜூன் 4-ஆம் தேதி தலைக்குக் குளித்தேன்" என்கிறாள். மாதவிலக்கு 28 நாளுக்கு ஒருமுறை சரியாக வரும். கரு பாதிக்கப்பட்டிருக்குமா?

விடை: பயப்பட வேண்டியதில்லை.

பாதிப் பேர் "டாக்சிசைக்ளின், பல் மஞ்சளாகும், ஆபத்து" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டீர்கள். தேதியை யாருமே தொடவில்லை. நம் பக்கத்தில் தலைக்குக் குளிப்பது பெரும்பாலும் மூன்றாம் நாள். அவள் சொன்னது அந்தத் தேதி. உதிரம் பட்ட முதல் நாள் என்றால் ஜூன் 2. அட்டையில் எழுத வேண்டியது அதைத்தான். அதிலிருந்து கணக்குப் போட்டால் கரு உண்டானது ஜூன் 16 வாக்கில். அதற்கு இரண்டு நாள் முன்பே மாத்திரை முடிந்துவிட்டது.

ஒருவேளை ஒரு வாரம் தள்ளிச் சாப்பிட்டிருந்தால்? அப்போதும் பெரிய மாற்றமில்லை. கரு உண்டான முதல் இரண்டு வாரத்தில் மருந்தின் கேடு பொதுவாக 'எல்லாம் அல்லது ஒன்றுமில்லை' என்ற கணக்குதான்: கரு தங்காமல் போகும், அல்லது பழுதில்லாமல் வளரும். டெட்ராசைக்ளின் வகை பல்லிலும் எலும்பிலும் படிவது நாலாம் மாதத்துக்குப் பிறகு. அந்தச் சமயத்தில் கிருமிக்கு மருந்து தேவைப்பட்டால் அமாக்சிசிலின், செஃபலெக்சின், அசித்ரோமைசின் என்று நோய்க்குத் தக்கபடி மருத்துவர் கொடுப்பார்.

கேள்வி 2. உறுப்புகள் உருவாகும் காலம் எது? கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணினால் எத்தனையாவது வாரம்?

விடை: கரு உண்டான 3-ஆம் வாரத்திலிருந்து 8-ஆம் வாரம் வரை. மாதவிலக்குக் கணக்கில் 5 முதல் 10 வரை. இரண்டு கணக்குக்கும் நடுவே இரண்டு வாரம் இடிக்கும். புத்தகம் ஒன்றில் எண்ணும், உங்கள் அட்டை இன்னொன்றில் எண்ணும். எந்தக் கணக்கு என்று எழுதாத விடைக்கு அரை மதிப்பெண்தான் போட்டேன்.

கேள்வி 3. தாலிடோமைடு கை கால்களைப் பாதித்தது எந்த நாட்களில்?
அ) கரு உண்டான 1–10 நாள் ஆ) 20–36 நாள் இ) 60–80 நாள் ஈ) கடைசி மூன்று மாதம்

விடை: ஆ. 1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து, தூக்கத்துக்கும் மசக்கைக்கும் கொடுக்கப்பட்ட மருந்து. 1961 கடைசியில் திரும்பப் பெறுவதற்குள் உலகெங்கும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். அந்தப் பதினாறு நாளுக்குள்ளும் ஒரு வரிசை இருந்தது: முதலில் காது, அப்புறம் கை, அதன் பின் கால். எந்த நாளில் தாய் மாத்திரை விழுங்கினாள் என்பதைக் குழந்தையின் உடம்பே காட்டிக் கொடுத்தது. மருந்து ஒழிந்துவிட்டது என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். இல்லை. மல்டிபிள் மைலோமாவுக்கும், தொழுநோயில் வரும் ஒருவகை எதிர்வினைக்கும் இன்றும் தருகிறார்கள், கடுமையான கருத்தடைக் கட்டுப்பாட்டோடு.

கேள்வி 4. தேவகோட்டைப் பெண், வயது 22. பன்னிரண்டு வயதிலிருந்து வலிப்புக்கு வால்ப்ரோயேட், தினம் 1000 மி.கி. மூன்று வருடமாக வலிப்பு இல்லை. இப்போது ஆவணி. கல்யாணம் தை மாதம். உங்களிடம் இரத்த அழுத்தம் பார்க்க வந்த தாயார் பேச்சோடு பேச்சாக இதைச் சொல்கிறார். என்ன செய்வீர்கள்?

விடை: கல்யாணத்துக்கு முன்பே நரம்பியல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். ஒரு மாத்திரையைக்கூட நாமாக நிறுத்தச் சொல்லக் கூடாது.

அதிக மதிப்பெண் வைத்த கேள்வி இது. நிதானமாகப் பாருங்கள். கர்ப்பத்தில் வால்ப்ரோயேட் சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகளில் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் பெரிய பிறவிக் குறை வருகிறது. முதுகுத்தண்டு மூடாமல் போவது, இதயக் குறை, அண்ணப் பிளவு போன்றவை. அதைவிட, நூற்றுக்கு முப்பது நாற்பது குழந்தைகளுக்கு வளர்ச்சியிலும் பேச்சிலும் படிப்பிலும் பின்னடைவு. பிறந்த அன்று பார்த்தால் தெரியாது, பள்ளிக்கூடம் போனபின்தான் தெரியும்.

நரம்புக் குழாய் மூடி முடிவது கரு உண்டான 28-ஆம் நாளில், அதாவது மாதவிலக்குக் கணக்கில் 42-ஆம் நாள். நாள் தள்ளிப்போகிறது என்று பெண் உணர்வதே மாதவிலக்குக் கணக்கில் 28-ஆம் நாளுக்குப் பிறகு. இன்னும் ஒரு வாரம் பார்ப்போம் என்று பொறுத்து, பரிசோதனை செய்து, மாமியாரிடம் சொல்லி, நம்மிடம் வந்து சேர்வதற்குள் கதவு சாத்தியாகிவிடும். "கர்ப்பம் உறுதியானதும் மருந்தை மாற்ற வேண்டும்" என்று எழுதியவர்களுக்கு முழு மதிப்பெண் கொடுக்காதது இதனால்தான்.

மாற்று என்ன? லாமோட்ரிஜின் அல்லது லெவெடிராசெட்டாம். எல்லா வகை வலிப்புக்கும் இவை ஒத்துவராது, அதை நிபுணர் பார்ப்பார். லாமோட்ரிஜினை வேகமாகக் கூட்டினால் தோலில் கடுமையான ஒவ்வாமை வரும். கூடவே வால்ப்ரோயேட்டும் உள்ளே இருந்தால் லாமோட்ரிஜினின் அளவு இரத்தத்தில் ஏறக்குறைய இரட்டிப்பாகும், அதனால் இன்னும் மெதுவாகப் போக வேண்டும். ஆவணியிலிருந்து தை வரை ஐந்து மாதம் இருப்பது நல்லதாகப் போயிற்று. கர்ப்பம் வளர வளர இந்த மருந்தின் அளவு இரத்தத்தில் இறங்கும், மருத்துவர் டோஸைக் கூட்டுவார், பிரசவத்துக்குப் பின் குறைப்பார். ஃபோலிக் அமிலம் தினம் 5 மி.கி., கரு உண்டாவதற்கு முன்பிருந்தே.

புத்தகத்தில் இல்லாத ஒன்று. வலிப்பு விஷயத்தை மாப்பிள்ளை வீட்டில் சொல்லியிருக்க மாட்டார்கள். மாத்திரை அட்டை பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கும். வளவு வீட்டில் இருபது கண்ணுக்கு நடுவே எடுத்துச் சாப்பிட முடியாமல் பெண் தானாகவே நிறுத்திவிடுவாள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து வரலாம், தாயும் பிள்ளையும் போகலாம். அதனால் அந்தத் தாயாரிடம் தனியாகக் கேளுங்கள்: "ஆச்சி, அங்கே யாருக்குத் தெரியும்?"

கேள்வி 5. இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டன் சாப்பிடும் 34 வயது ஆசிரியைக்கு 7 வாரம். கருவைக் கலைத்துவிடலாமா என்று கேட்கிறார்.

விடை: அதற்காகக் கலைக்க வேண்டியதில்லை. மருந்தை உடனே மாற்ற வேண்டும். லேபெட்டலால், மெதுவாகக் கரையும் நிஃபெடிபின், மெத்தில்டோபா மூன்றில் ஒன்று. ஆஸ்துமா இருந்தால் லேபெட்டலால் வேண்டாம். டெல்மிசார்ட்டன், எனாலாப்ரில் வகைகளின் பெருங்கேடு நாலாம் மாதத்துக்குப் பிறகுதான்: பிள்ளையின் சிறுநீரகம் வேலை செய்யாது, பனிக்குட நீர் வற்றும், நுரையீரல் விரியாது. அதற்கு முன்பே வந்துவிட்டார், நல்லது.

கேள்வி 6. எட்டு மாதக் கர்ப்பிணி. ஆத்தங்குடி ஓடு போடும் இடத்தில் குனிந்து குனிந்து வேலை. முதுகுவலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கி நான்கு நாளாகச் சாப்பிடுகிறாள்.

விடை: நிறுத்த வேண்டும். இந்த மாதத்தில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் இரண்டும் பிள்ளையின் இதயத்தருகே திறந்திருக்க வேண்டிய குழாயை நேரத்துக்கு முன்பே சுருங்கச் செய்யும். 20 வாரத்திலிருந்தே பனிக்குட நீரையும் குறைக்கலாம். வலிக்குப் பாராசிட்டமால், தேவையான அளவு மட்டும். நீரின் அளவு பார்க்க ஸ்கேனுக்கு அனுப்புங்கள். முன்சூல்வலிப்பைத் தடுக்க மருத்துவர் தரும் குறைந்த அளவு ஆஸ்பிரின் வேறு கணக்கு. வலி மாத்திரைதானே என்று அதையும் சேர்த்து நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி 7. காசநோய் உள்ள கர்ப்பிணிக்குத் தரக் கூடாத மருந்து?

விடை: ஸ்ட்ரெப்டோமைசின். பிள்ளையின் செவி நரம்பு கெடும். ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், எத்தம்பியூட்டால், பைரசினமைடு நான்கும் தரலாம், கூடவே பைரிடாக்சின். சிகிச்சையே வேண்டாம் என்று எழுதிய ஒரு விடைத்தாளைப் பார்த்துப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

கேள்வி 8. உலோக வால்வு பொருத்திய பெண், வார்ஃபரின் சாப்பிடுகிறாள், 5 வாரக் கர்ப்பம். விளக்குக.

விடை: 6 முதல் 12 வாரத்துக்குள் வார்ஃபரின் மூக்கு எலும்பையும் எலும்பு முனைகளையும் கெடுக்கும். ஹெப்பாரின் நஞ்சுக்கொடியைத் தாண்டாது, பிள்ளைக்குத் தீங்கில்லை. எல்லோரும் இத்தோடு முடித்துவிட்டீர்கள். ஆனால் ஹெப்பாரினில் தாயின் வால்வு அடைத்துக்கொள்ளும் அபாயம் வார்ஃபரினை விட அதிகம். வால்வு அடைத்தால் இருவரும் இல்லை. வார்ஃபரின் டோஸ் தினம் 5 மி.கி.-க்குள் இருந்தால் பிள்ளைக்கு அபாயம் குறைவு, தொடரலாம் என்று இதய மருத்துவர் முடிவெடுப்பதும் உண்டு. ஹெப்பாரினுக்கு மாற்றினால் இரத்தப் பரிசோதனையோடு அளவு சரிபார்க்க வேண்டும். 36 வாரம் வாக்கில் எப்படியும் வார்ஃபரினை விட வேண்டும், பிரசவத்தில் பிள்ளைக்கு மூளையில் இரத்தக்கசிவு வராமல் இருக்க. இரண்டு பக்க அபாயத்தையும் எழுதியவர் ஒரே ஒருவர். அவருக்கு முழு மதிப்பெண்.

கேள்வி 9. சிங்கப்பூரிலிருந்து கணவர் அனுப்பிய பரு மாத்திரை, ஐசோட்ரெட்டினாயின். நிறுத்தி எத்தனை நாள் கழித்துக் கருத்தரிக்கலாம்?

விடை: ஒரு மாதம். சோரியாசிஸுக்குத் தரும் அசிட்ரெட்டின் என்றால் மூன்று வருடம்! பெயர்கள் ஒட்டிப் பிறந்தவை மாதிரி இருப்பதால் குழப்பம். கர்ப்பத்தில் பருவுக்கு அசெலாயிக் அமிலம், பென்சாயில் பெராக்சைடு பூசலாம்.

கேள்வி 10 (வாய்மொழி). தைராய்டு குறைவுக்கு லெவோதைராக்சின் சாப்பிடும் மருமகளிடம், "வயிற்றில் பிள்ளை இருக்கும்போது மாத்திரை எதற்கு?" என்று மாமியார் நிறுத்தச் சொல்கிறார். மாமியாரிடம் என்ன சொல்வீர்கள்?

விடை: கர்ப்பத்தில் அந்த மாத்திரை கூடத்தான் தேவைப்படும், பலருக்குக் கால் பங்கு முதல் அரைப் பங்கு வரை. தைராய்டு மிகைக்குத் தரும் கார்பிமசோலைத்தான் முதல் மூன்று மாதத்தில் புரோப்பைல்தையோயுராசிலாக மாற்றுவார்கள். இரண்டையும் ஒன்றாக்கிப் பயமுறுத்தாதீர்கள்.

ஒரு மாணவி சொன்ன பதில் இது: "ஆச்சி, பிள்ளையோட மூளைக்கு ஆரம்பத்துல தைராய்டு நீர் தாயார்கிட்டேயிருந்துதான் போகணும். உங்க மருமகளுக்கு அது கம்மி. மாத்திரை பிள்ளைக்குத்தான்." ஆச்சியாக நடித்த நானே சரி என்று தலையாட்டிவிட்டேன்.